மோட்டாருக்கு ஒரு விடுமுறை விண்ணப்பம்

மன்னார்குடியில் ஒரு மோட்டார் கடைக்கு நான் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றிலும் பதிவு எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஆஃப்செட் அச்சகத்தில் நோட்டீஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஆடித் தள்ளுபடி எல்லாம் ஒரே மேஜையில் வரும். எதில் சிரிக்கலாம், எதில் கூடாது என்று அங்கே யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. மோட்டார் கடைக்கு வந்த பிறகுதான் அதில் எனக்குக் குழப்பமே வந்தது.

2023 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தார்கள். அன்று காலை நான் போட்ட பதிவு இது. பள்ளிக்கூட நோட்டுத் தாள், சிவப்பு மார்ஜின் கோடு, நீல மையில் கையெழுத்து:

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, மேட்டூர் அணை திறந்துவிட்ட காரணத்தால் எனக்கு இன்று முதல் தை மாதம் வரை விடுமுறை அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, 5 எச்.பி. மோட்டார்."

கீழே கடையின் பெயர், போன் நம்பர். வேறு ஒன்றும் இல்லை.

கடைக்கு அதுவரை வந்ததிலேயே அதிகம் பகிரப்பட்ட பதிவு அதுதான். "லீவு கிடையாது, ஸ்டார்ட்டரைத் துடைச்சு வை" என்று ஒருவர் முதலாளியாகவே பதில் எழுதினார். ஒரு வாத்தியார் 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதில் ஒற்றுப்பிழை தேடித் தோற்றுப்போனார். கடைக்கார அண்ணன் இரண்டு நாள் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அது ஏன் பிடித்தது என்று நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். விடுமுறை விண்ணப்பம் எழுதாத தமிழ்ப் பிள்ளை கிடையாது என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, அந்தச் சிரிப்பில் நஷ்டப்படுவது யார் என்பது. ஆற்றில் தண்ணீர் வந்தால் போர்வெல் மோட்டாருக்கு வேலை குறையும். மோட்டாருக்கு வேலை குறைந்தால் காயில் எரியாது, பேரிங் தேயாது, கடைக்கு ரிப்பேர் வராது. அதாவது அந்தக் கடிதத்தில் கடை தன் வியாபாரம் படுத்ததைச் சொல்லித் தானே சிரிக்கிறது, விவசாயியின் சந்தோஷத்தில் கலந்துகொள்கிறது. எழுதும்போது இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. தானாக அமைந்துவிட்டது.

அக்டோபரில் அதே கடிதம் திரும்பி வந்தது.

அணையில் நீர் இருப்பு குறைந்துபோய், 2023 அக்டோபர் 10 அன்று பாசனத்துக்கான தண்ணீரை நிறுத்தினார்கள். வழக்கப்படி ஜனவரி 28 வரை வரவேண்டிய தண்ணீர். ஏற்கெனவே குறுவை பல இடங்களில் காய்ந்திருந்தது. சம்பா விதைப்பதா வேண்டாமா என்று ஆட்கள் ஆற்றுப் பாலத்தில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். யாரோ நம் பழைய படத்தை எடுத்து, அதன்மேல் சிவப்புப் பேனாவில் எழுதிய மாதிரி ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "விடுமுறை ரத்து. உடனே பணிக்குத் திரும்பவும்."

நல்ல வரி. இப்போதும் சொல்கிறேன், என் கடிதத்தைவிட நல்ல வரி. எழுதியது யாரோ ஒரு விவசாயியாகத்தான் இருக்கவேண்டும். ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அண்ணன் என்னிடம், "தம்பி, நம்ம கடை பேரு இருக்குற படம், ஊரே பார்க்குது. நாமளும் ஸ்டேட்டஸ்ல வைப்போம்" என்றார். எனக்கும் ஆசைதான். வைத்தோம்.

முக்கால் மணி நேரத்தில் தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்குப் போன் செய்தார். மகளின் வீட்டுக்காக எங்களிடம் தண்ணீர்த் தொட்டி மோட்டார் வாங்கியவர். போனை நான்தான் எடுத்தேன். அவர் கோபப்படவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

"தம்பி, ஆறு காஞ்சா உங்களுக்கு வியாபாரம். அது தப்பில்ல, உங்க தொழில் அது. ஆனா அதை நீங்களே சிரிச்சுச் சொல்லலாமா?"

நான் ஏதோ மன்னிப்பு மாதிரி முனகினேன். அவர் விடவில்லை.

"இன்னொண்ணு. நீங்க ஜூன்ல போட்டதையும் பார்த்தேன். எங்க ஊர் நிலத்தடியில உப்புத் தண்ணி. போர் போட்டா பயிர் கருகிடும். எங்க வயல்ல மோட்டாரே கிடையாது. நீங்க யாருக்கு லீவு விடுறீங்க?"

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. டெல்டா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பாபநாசம், அம்மாபேட்டை பக்கம் போர்வெல் இருக்கிறது. ஆறு ஏமாற்றினாலும் ஓரளவு குறுவை எடுத்துவிடுவார்கள். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைக்கு, வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போனால், கடல் நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உப்பாகிவிடும். அங்கே வாய்க்கால் தண்ணீர் ஒன்றுதான் கதி. மோட்டார் ஓய்வெடுக்கும் என்ற நகைச்சுவை, மோட்டார் இருக்கிறவர்களுக்கு மட்டும். ஜூன் பதிவுக்கு வந்த சிரிப்புக் குறிகளை எண்ணிய நான், சிரிக்காமல் கடந்துபோனவர்களை எண்ணவில்லை. எண்ணவும் வழி இல்லை. புண்பட்டவர்கள் பெரும்பாலும் கருத்துப் பெட்டிக்கு வருவதில்லை, வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். சிவப்புப் பேனா வரியை எழுதிய விவசாயிக்கு அதை எழுத உரிமை இருக்கிறது. அது அவருடைய வயல், அவருடைய வயிற்றெரிச்சல். வட்டிக்கு வாங்கி நாற்று விட்டவர் தன் நிலைமையைச் சொல்லிச் சிரித்தால் பக்கத்து வயல்காரர் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரு எழுத்து மாற்றாமல் அதே வரியை மோட்டார் கடை சொன்னால், "வா, வந்து காயில் கட்டு, எனக்குக் காசு கொடு" என்று அர்த்தமாகிவிடுகிறது. நாங்கள் ஒன்றும் புதிதாக எழுதவில்லை, மற்றவர் எழுதியதை எடுத்து வைத்தோம், அவ்வளவுதான் என்று அண்ணன் வாதாடினார். ஆனால் ஸ்டேட்டஸில் இருந்தது எங்கள் பெயர்.

ஸ்டேட்டஸை எடுத்தோம். "மன்னிக்கவும்" என்று பெரிய பதிவு போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டோம். முக்கால் மணி நேரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பட்டியல் இருந்தது, நூற்றுச்சொச்சம் பேர். அவர்களுக்காக ஊருக்கே மன்னிப்புக் கேட்டால் பார்க்காதவரும் தேடிப் பார்ப்பார். கடைமடை ஊர்க்காரர்கள் என்று தெரிந்த பதினோரு பேருக்கு அண்ணனே போன் செய்தார். ஏழு பேர் "எதைச் சொல்றீங்க?" என்றார்கள். நான்கு பேருக்குச் சொல்லாமலே புரிந்தது.

இது இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். 2024 ஜூனில் அந்தக் கடிதம் மூன்றாம் முறை வந்தது. இந்தத் தடவை நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. அணையில் தண்ணீர் இல்லாததால் அந்த ஆண்டு ஜூன் 12 அன்று திறக்கவில்லை. ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். இடையில் இருந்த ஆறு ஏழு வாரத்தில் யாரோ நம்முடைய 2023 படத்தை மறுபடி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கிண்டலாக அனுப்பினார்களா, பழையது என்று தெரியாமல் அனுப்பினார்களா, தெரியாது. படத்தில் தேதி இல்லை. "இன்று முதல்" என்று இருக்கிறது. கடையின் பெயர் இருக்கிறது. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? ஆறு வராத வருஷத்தில் ஒரு மோட்டார் கடை அணை திறந்துவிட்டதாக நக்கல் அடிக்கிறது என்றுதானே?

இங்கே நான் செய்த தவறு மிகச் சின்னது, கைத்தொழில் சார்ந்தது. ஃபேஸ்புக்கில் போடும்போது பதிவுக்கு மேலே தேதி தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அந்தப் படத்தை ஒருவர் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதி கழன்றுவிடும். படம் மட்டும் தனியாக ஊர் சுற்றும். இன்னொன்று, எழுத்து முழுவதும் படத்துக்குள் இருந்தது. படத்தோடு சேர்த்துத் தட்டச்சு செய்யும் வாசகத்தைப் பிறகு திருத்தலாம். படத்துக்குள் போன எழுத்தைத் திருத்த முடியாது. மொத்தமாக நீக்கினாலும் மற்றவர் போனில் இருப்பது இருக்கத்தான் செய்யும்.

அதனால் இப்போது ஒரு பழக்கம். நாளோடு சேர்ந்த எந்த நகைச்சுவைப் படத்திலும் ஓரமாக, சின்னதாக, ஆனால் வெட்டி எடுக்க முடியாத இடத்தில் தேதி போடுகிறேன். விடுமுறை விண்ணப்பத்தில் அது சுலபம், கடிதத்துக்கு 'நாள்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை 2023ல் எழுதியிருந்தாலே மூன்றாம் முறை வந்த பழி பாதி குறைந்திருக்கும். அச்சகத்தில் இருந்தவன் தேதி போட மறந்தேன் என்பதை என் பழைய முதலாளி கேட்டால் சிரிப்பார்.

கடைக்கு ஒரு எக்ஸெல் தாள் வைத்திருக்கிறேன். எந்தத் தேதிக்கு என்ன பதிவு என்று வருஷம் முழுக்க அதில் இருக்கும். முன்பெல்லாம் போன வருஷத் தாளை நகல் எடுத்து வருஷத்தை மட்டும் மாற்றுவேன். பொங்கலுக்கு அது சரி. ஆற்றுக்குச் சரிப்படாது. மேட்டூர் 2022ல் மே 24 அன்றே திறந்தது, 2023ல் ஜூன் 12, 2024ல் ஜூலை 28. ஆகவே தாளில் இப்போது இரண்டு பத்தி கூடுதல். ஒன்று, 'எது உண்மையாக இருந்தால் இது சிரிப்பு'. இன்னொன்று, 'அதை யாரிடம் கேட்பது'. விடுமுறை விண்ணப்பத்துக்கு நேராக முதல் பத்தியில் "வாங்குபவர் ஊர் வாய்க்காலில் தண்ணீர்" என்று இருக்கிறது. அணை திறந்த மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும், அங்கிருந்து கடைமடைக்குப் போக இன்னும் நாள் ஆகும், சில வருஷம் போகவே போகாது. மேட்டூரில் மதகு தூக்குவது தொலைக்காட்சிச் செய்தி. நம் நகைச்சுவை நிற்கவேண்டியது வாய்க்கால் கரையில். முன்கூட்டியே நேரம் குறித்துத் தானாகப் போகும்படி வைப்பதை இந்த வகைப் பதிவுகளுக்கு நிறுத்திவிட்டேன். கையால்தான் போடுகிறேன்.

சரி, வேறு வகைச் சிரிப்புகள். மோட்டார் கடையில் எழுத உட்கார்ந்தால் முதலில் கையில் வந்து ஒட்டுவது 'ஷாக்'. "விலையைக் கேட்டால் ஷாக் அடிக்காது" என்று ஒரு வரி எனக்கே முதல் வாரத்தில் வந்தது. எங்கள் மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். தழும்பு. அப்புறம் சொன்னார், ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டுப் போன ஆட்களை அவருக்குத் தெரியும் என்று, பெயரோடு. வயலில் மோட்டார் கொட்டகை இருக்கும் எந்த ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கத்தான் செய்யும். அந்த வீட்டுக்காரரும் எங்களிடம்தான் மோட்டார் வாங்குவார். அந்தச் சொல் எங்கள் கடையில் எச்சரிக்கைப் பதிவுகளில் மட்டும் வரும்.

இதே மாதிரி சில நாட்கள் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, தென்னந்தோப்புகள் படுத்து, எத்தனையோ ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. நவம்பர் மாதத்தில் 'கரண்ட் போச்சு' சிரிப்பு எங்களுக்குக் கிடையாது, வேறு மாதத்தில் உண்டு. கும்பகோணத்தில் ஒரு காபித்தூள் கடைக்கும் எழுதுகிறேன். 2004 ஜூலை 16 அன்று அந்த ஊர்ப் பள்ளியில் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். "சூடு", "கொதிக்குது", "பத்திக்கிச்சு" எல்லாம் காபிக்கடைக்குச் சாதாரண வார்த்தைகள். அந்த வாரத்தில் அந்தக் கடையின் பக்கத்தில் அவை வராது. வெளியூரிலிருந்து எழுதும் ஏஜென்சிக்காரருக்கு இந்தத் தேதியை யாராவது சொல்லவேண்டியிருக்கும். ஊரில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அண்ணனுக்கு மனைவி நகைச்சுவை ரொம்பப் பிடிக்கும். "வீட்டில் இரண்டு சத்தம், ஒன்று மோட்டார், இன்னொன்று..." என்று தொடங்கும் வரி மாதம் ஒன்று அனுப்புவார். நான் நியாயம் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிறகு கடை போனில் ஒரு வாரம் வந்த அழைப்புகளை எழுதி வைத்துக் காட்டினேன். வயல் மோட்டாருக்குப் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, ஒரு எச்.பி. மோனோபிளாக் என்ன விலை, ஆள் எப்போது வருவார் என்று கேட்டதில் பெரும்பாதி பெண்கள். யாருடைய சத்தத்தைக் கிண்டல் செய்யப்போகிறோம் என்று கேட்டேன். அதிலிருந்து அந்த வரியை எனக்கு மட்டும் தனியாக அனுப்புகிறார்.

சினிமா வசனம், மீம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2019 மே கடைசியில் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் அச்சகத்தில். ஒரு கடைக்கு அவசரமாகச் சுத்தியல் படம் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்தோம். அது தொங்கத் தொடங்கியபோதே இணையம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. ஃப்ளெக்ஸ் மட்டும் மழைக்காலம் வரை தொங்கியது. இரும்புக்கடைத் திறப்பு விழாவா என்று கேட்டவர் உண்டு. தவிர, நடிகரின் முகத்தை வியாபாரத்துக்கு எடுப்பது உரிமைப் பிரச்சினை வேறு. அந்த வகைக்கு நான் போவதில்லை.

அப்படியானால் என்னதான் மிச்சம் என்று அண்ணனும் கேட்டார். நிறைய இருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் குடும்பம் நடத்தும் பல்லி. காண்டாக்டர் நடுவில் போய் உட்கார்ந்து மோட்டாரை நிறுத்திவிடும் எறும்பு; அதற்கு "இந்தக் கொட்டகையின் உண்மையான ஆபரேட்டர்" என்று அடையாள அட்டை அடித்துப் போட்டோம். எறும்பு எந்த வருஷமும் போகும், யாரும் கோபப்படப் போவதில்லை, பெட்டியைத் துடைத்து மூடி வைக்கவேண்டும் என்ற செய்தியும் கூடவே போய்விடுகிறது.

"பத்து நிமிஷத்துல வந்துடுறேன்" என்பதும் எங்களிடம் ஓடிய ஒரு தொடர். மெக்கானிக் சொல்லும் பத்து நிமிஷத்துக்கு எத்தனை மணி என்று கடை தன்னைத்தானே கேலி செய்துகொண்டது. போடுவதற்கு முன் மெக்கானிக்கிடம் கேட்டேன். தன்னைத்தானே கேலி செய்வது என்று சொல்லிவிட்டுக் கடையில் குறைந்த சம்பளக்காரர் தலையில் அதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர், "போடு, ஆனா படம் முதலாளியோடது இருக்கணும்" என்றார். அண்ணன் முகத்தை வைத்துப் போட்டோம், ஓகோ என்று போனது. அதற்கும் ஒரு எல்லை இருந்தது. ஏப்ரல் கடைசியில் ஒருவர் கருத்துப் பெட்டியில் கேட்டார்: "நாலு நாளாச்சு உங்க பத்து நிமிஷம். உளுந்து வாடுது." விசாரித்தால் உண்மை. அன்று மாலையே ஆள் போனார். வேலை நெருக்கும் மாதங்களில் அந்தத் தொடரை நிறுத்தி வைத்திருக்கிறேன். தாமதம் நிஜமாகும் நேரத்தில் அதைச் சொல்லிச் சிரித்தால், தெரிந்தேதான் செய்கிறார்கள் என்று ஆகிவிடும்.

2025ல் மேட்டூர் மறுபடி ஜூன் 12 அன்றே திறந்தது. புதுக் கடிதம் தயாராக இருந்தது. அதை எழுதுவது இப்போது மோட்டார் இல்லை, கடை. "ஆற்றுக்கு வணக்கம். எங்களுக்குக் கொஞ்ச நாள் ரிப்பேர் வராது. பரவாயில்லை, நீங்கள் நிதானமாகக் கடைசி வயல் வரை போய்விட்டு வாருங்கள். இப்படிக்கு, ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் மோட்டார் கடை." நாள் என்ற இடம் காலியாக இருந்தது. அணை திறந்த அன்று போடவில்லை. கல்லணை திறந்த அன்றும் போடவில்லை. மற்ற கடைகள் எல்லாம் காவிரித்தாய் படத்தோடு வாழ்த்துப் போட்டு முடித்துவிட்டன. அண்ணன் தினமும் காலையில் என்னைப் பார்ப்பார், நான் தாளைப் பார்ப்பேன். 'யாரிடம் கேட்பது' என்ற பத்தியில் தலைஞாயிற்றுப் பெரியவரின் நம்பர் இருந்தது.

ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"மதகுக்கு வந்துடுச்சு தம்பி."

"அப்ப போட்டுடட்டுமா ஐயா?"

"அவசரப்படாத. வாய்க்கால்லதான் நிக்குது. வயலுக்கு ஏறட்டும். ரெண்டு நாள் கழிச்சுப் போடு."

இரண்டு நாள் கழித்துத் தேதியை எழுதிப் போட்டேன். 2023 கடிதத்துக்கு வந்ததில் பாதிகூட விருப்பக்குறி வரவில்லை. பெரியவர் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார்.